உயரமும் சாய்வும்

ஒரு வரைபடத்தை யார் கண்முன்னே விரித்தாலும், பார்வை முதலில் ஓடிப்போய்த் தங்குவது அதன் உச்சியில்தான்; கோடு எங்கே அதிக உயரத்தை எட்டுகிறதோ அங்கேதான் முக்கியமான சம்பவம் ஏதோ நடந்திருக்க வேண்டும் என்று மனம் யாரையும் கேட்காமலே முடிவு கட்டிவிடுகிறது. மழையளவையும் ஜுரத்தின் ஏற்ற இறக்கத்தையும் காட்டுகிற படங்களில் இந்தச் சுபாவத்தால் தீங்கொன்றும் விளைவதில்லை; அங்கே உயரமே செய்தி. ஆனால், ஒரு கம்பிச்சுருளின் ஊடே செல்லும் காந்தப்பாயம் காலத்தோடு எவ்வாறு மாறுகிறது என்பதைக் காட்டும் வரைபடத்தைக் கையில் கொடுத்து, அச்சுருளில் தூண்டப்படும் மின்னியக்கு விசை ஒவ்வொரு கணத்திலும் எவ்வளவு என்று கேட்கும்போது, உச்சியை நாடும் இதே பழக்கம் புதிதாகப் பயில்பவனை நேரே பிழையில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. அந்தப் படத்தில் பாயம் மிக அதிகமாக இருக்கும் சிகரத்தில் மின்னியக்கு விசை பூஜ்யமாக இருக்கலாம். பாயம் ஒன்றுமே இல்லாத இடத்திலோ அது தன் முழு வீறுடன் நிற்கலாம்.

பாயம் என்பது என்ன என்பதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கம்பியின் ஒரு சுற்று அடைத்துக்கொண்டிருக்கும் பரப்பை எடுத்துக்கொண்டு, அதற்குச் செங்குத்தாக அதனை ஊடுருவிச் செல்லும் காந்தப்புலத்தின் வலிமையால் அப்பரப்பைப் பெருக்கினால் கிடைப்பதே பாயம். 30 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள ஒரு செவ்வகச் சுற்றின் வழியே 0.1 டெஸ்லா வலிமையுள்ள புலம் நேர் செங்குத்தாகச் செல்லுமானால், பரப்பு 0.06 சதுர மீட்டராகையால், பாயம் 0.006 வெபர், அதாவது 6 மில்லிவெபர். புலம் வலுத்தாலும் நலிந்தாலும், சுற்றின் பரப்பு விரிந்தாலும் சுருங்கினாலும், புலத்தை விட்டுவிட்டுச் சுற்றையே சாய்த்துத் திருப்பினாலும் பாயம் மாறும். எக்காரணத்தால் அது மாறிற்று என்பதைப் பற்றி நம் வரைபடத்துக்குக் கவலையில்லை. மாறிற்று என்பது ஒன்றே அதற்குப் போதும்.

1831-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் தேதி, லண்டனிலுள்ள ராயல் இன்ஸ்டிட்யூஷனில், மைக்கேல் பாரடே வெளி விட்டம் 6 அங்குலம் கொண்ட ஒரு தேனிரும்பு வளையத்தின் இரு பாதிகளிலும் தனித்தனியே செப்புக் கம்பியைச் சுற்றி, ஒரு பக்கத்துச் சுருளின் கம்பியை 3 அடி தூரத்தில் வைத்திருந்த காந்த ஊசியின் மேலாகச் செல்லும்படி இழுத்துவிட்டு, மறு பக்கத்துச் சுருளை ஒரு பாட்டரியோடு இணைத்தார். இணைத்த மாத்திரத்தில் ஊசி துள்ளியது. சற்று ஊசலாடிவிட்டுத் தன் பழைய நிலைக்கே வந்து அடங்கியது. பாட்டரி இணைந்தபடியே இருக்க, முதற்சுருளில் மின்னோட்டம் ஸ்திரமாக ஓடிக்கொண்டிருக்க, வளையத்தின் இரும்பு முழுவதும் காந்தப்பாயம் நிறைந்திருக்க, ஊசி மட்டும் ஏதும் நடவாதது போல் சும்மா இருந்தது. இணைப்பைத் துண்டித்தபோது மீண்டும் அது துள்ளியது. இந்தப் பரிசோதனையை ஒரு பாய வரைபடமாக எழுதிப் பார்த்தால், செங்குத்தான ஓர் ஏற்றமும், நீண்ட ஒரு சமதரையும், செங்குத்தான ஓர் இறக்கமும் கிடைக்கும். ஊசி துள்ளியதெல்லாம் ஏற்றத்திலும் இறக்கத்திலுந்தான், மேட்டின் மேலுள்ள சமதரையில் அன்று. பாரடே இதைச் சமன்பாடாக எழுதவில்லை. கணிதத்தில் அவருக்குப் பயிற்சி கிடையாது. திசையைப் பற்றிய விதியை 1834-இல் லென்ஸ் வெளியிட்டார்; கணித ரூபத்தை 1845-இல் நாய்மான் அளித்தார். இன்று நாம் பாடபுத்தகத்தில் காணும் வடிவம் இது:

e = −N × ΔΦ/Δt

இதில் N என்பது சுருளிலுள்ள சுற்றுகளின் எண்ணிக்கை. ΔΦ என்பது ஒரு சுற்றின் வழியே செல்லும் பாயத்தில் நேர்ந்த மாறுதல். Δt என்பது அந்த மாறுதலுக்குப் பிடித்த காலம். மாறுதலைக் காலத்தால் வகுப்பது என்பது, வரைபடத்தில், கோட்டின் சாய்வைக் காண்பதேயாகும். ஏரியின் கரையில் நட்டிருக்கும் அளவுக்கல்லைப் பார்த்து நீர் எவ்வளவு ஆழம் நிற்கிறது என்று சொல்லலாமே ஒழிய, இந்நேரம் மதகின் வழியே நீர் எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று சொல்ல முடியாது. அதற்குக் கல்லை இருமுறை பார்த்து, இடையில் சென்ற நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு நொடிக்கு ஒரு வெபர் என்ற வீதத்தில் பாயம் மாறினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வோல்ட் தூண்டப்படுகிறது.

இனி ஒரு படத்தை எடுத்துக்கொண்டு முழுவதையும் படித்துப் பார்ப்போம். மேலே சொன்ன செவ்வக வடிவத்தில் 100 சுற்றுகள் கொண்ட ஒரு சுருள் மின்காந்தம் ஒன்றின் முனைகளுக்கிடையே அசையாமல் வைக்கப்பட்டிருக்கிறது என்றும், மின்காந்தத்துக்குச் செல்லும் மின்னோட்டத்தை நாம் கூட்டியும் குறைத்தும் திசை மாற்றியும் விடுகிறோம் என்றும் வைத்துக்கொள்வோம். (மின்னோட்டம் நின்ற பிறகும் இரும்பில் தங்கும் சொற்பக் காந்தத்தை இங்கே பொருட்படுத்தவில்லை.) கிடை அச்சில் காலம் நொடிகளில், செங்குத்து அச்சில் ஒரு சுற்றுக்குரிய பாயம் மில்லிவெபரில். முதல் 2 நொடிகளில் பாயம் பூஜ்யத்திலிருந்து 6 வரை நேர்கோடாக ஏறுகிறது. 2-ஆம் நொடியிலிருந்து 5-ஆம் நொடி வரை 6-லேயே நிற்கிறது. 5-ஆம் நொடியில் இறங்கத் தொடங்கி, ஒரே நேர்கோடாக 6-ஆம் நொடியில் பூஜ்யத்தைக் கடந்து, 7-ஆம் நொடியில் −6 வரை தாழ்கிறது. பிறகு நிதானமாக ஏறி 11-ஆம் நொடியில் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடுகிறது.

முதற் பகுதியில் 2 நொடிகளில் 6 மில்லிவெபர் ஏற்றம்; சாய்வு நொடிக்கு 3 மில்லிவெபர்; அதை 100 சுற்றுகளால் பெருக்க 300 மில்லிவோல்ட், அதாவது 0.3 வோல்ட்; சமன்பாட்டின் முன்னுள்ள குறியைச் சேர்த்துக்கொண்டால் −0.3 வோல்ட். ஏற்றம் நேர்கோடாக இருப்பதால் இந்த 2 நொடிகளில் எந்தக் கணத்தை எடுத்தாலும் இதே அளவுதான். பாயம் வளர்ந்துகொண்டே போவதைக் கண்டு மின்னியக்கு விசையும் கூடவே வளரும் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டாம் பகுதியில், பாயம் தன் உச்சத்திலேயே குடியிருக்கும் அந்த 3 நொடிகளில், மின்னியக்கு விசை பூஜ்யம்.

இங்கே ஒரு பிழை காத்திருக்கிறது. அதன் பிறப்பைக் கவனிப்பது நல்லது, ஏனென்றால் அது சோம்பலால் பிறப்பதன்று, ஒரு சரியான விடையிலிருந்து பிறப்பது. 4-ஆம் நொடியில் மின்னியக்கு விசை என்ன என்று கேட்டால், பாயம் 6, காலம் 4, ஆகவே நொடிக்கு 1.5 மில்லிவெபர், ஆகவே 0.15 வோல்ட் என்று எழுதும் மாணவர்கள் உண்டு. அக்கணத்துப் பாயத்தை அக்கணத்துக் கடிகார எண்ணால் வகுத்துவிடுகிறார்கள். இந்த வழியை அவர்களுக்கு யார் கற்பித்தார்கள் என்று விசாரித்தால், முதற் பகுதியே கற்பித்தது என்று தெரியவரும். அந்தக் கோடு அச்சுகள் சந்திக்கும் ஆதிப்புள்ளியிலிருந்து புறப்படுவதால், அதன்மேல் எந்தப் புள்ளியை எடுத்துப் பாயத்தைக் காலத்தால் வகுத்தாலும் சாய்வே விடையாக வந்துவிடுகிறது: 1-ஆம் நொடியில் 3-ஐ 1-ஆல், 2-ஆம் நொடியில் 6-ஐ 2-ஆல். தவறான முறைக்குச் சரியான விடை கிடைத்துவிட்டபடியால் உபாத்தியாயரும் சிவப்பு மையைத் தொடுவதில்லை. ஆதிப்புள்ளியிலிருந்து புறப்படாத கோடு ஒன்றை முதலிலேயே கொடுத்துப் பழக்குவது உத்தமம் என்பது என் அபிப்பிராயம். இல்லாவிட்டால் இந்தப் பிழை முளைத்ததே தெரியாமல் வேரூன்றிவிடும்.

மூன்றாம் பகுதிதான் இந்தப் படத்தின் உயிர்நிலை. 2 நொடிகளில் பாயம் 6-லிருந்து −6 வரை செல்கிறது, மாறுதல் −12, சாய்வு நொடிக்கு −6 மில்லிவெபர், மின்னியக்கு விசை +0.6 வோல்ட். 6-ஆம் நொடியில் கோடு கிடை அச்சை வெட்டிக்கொண்டு போகிறதே, அங்கே என்ன ஆகிறது? ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் விடை. ஆனால் இந்த விடையை மனம் எளிதில் ஏற்பதில்லை. பாயம் பூஜ்யமாகிவிட்ட கணத்தில் தூண்டுவதற்குக் காந்தமே இல்லையே, மின்னியக்கு விசையும் பூஜ்யமாகத்தானே வேண்டும் என்று ஒரு தயக்கம் எழுகிறது. பாயம் நேர்க்குறியிலிருந்து எதிர்க்குறிக்கு மாறியபின் மின்னியக்கு விசையின் திசையும் மாறியிருக்க வேண்டுமே என்று இன்னொரு தயக்கம் அதன் பின்னாலேயே வந்து நிற்கிறது. கோட்டின் மேல் ஓர் அடிக்கோலை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஒருங்கே சமாதானம் கிடைக்கும். அச்சுக்கு மேலே கோடு எந்தச் சரிவில் இறங்கியதோ அதே சரிவில்தான் அச்சுக்குக் கீழேயும் இறங்குகிறது. அடிக்கோலை நகர்த்த வேண்டிய அவசியமே நேரவில்லை. ஆகவே 5-ஆம் நொடி முதல் 7-ஆம் நொடி வரை, நடுவிலுள்ள பூஜ்யம் உட்பட, +0.6 வோல்ட் மாறாமல் நிற்கிறது.

திசையை வேறொரு வழியாகச் சிந்தித்தாலும் இதுவே வரும். சுருளுக்கு எதிரே நின்று அதைப் பார்க்கிறோம் என்றும், நம்மிடமிருந்து விலகி அப்பால் செல்லும் பாயத்தை நேர்க்குறியாகக் கொள்கிறோம் என்றும் வைத்தால், வலக்கை விதிப்படி, கடிகார முள்ளின் திசையில் மின்சாரத்தைச் செலுத்தக்கூடிய மின்னியக்கு விசை நேர்க்குறி பெறும். 5 முதல் 6 வரை, அப்பால் செல்லும் பாயம் குறைகிறது. அந்தக் குறைவை ஈடுசெய்ய அப்பால் செல்லும் பாயத்தையே உண்டாக்க வேண்டும். அதற்குக் கடிகார முள்ளின் திசையில் மின்னோட்டம் வேண்டும். 6 முதல் 7 வரை, நம்மை நோக்கி வரும் பாயம் வளர்கிறது; அந்த வளர்ச்சியைத் தடுக்க மறுபடியும் அப்பால் செல்லும் பாயத்தையே உண்டாக்க வேண்டும்; அதற்கும் அதே திசை. ஒன்றின் தேய்வை எதிர்ப்பதும் அதற்கு நேர்மாறானதன் வளர்ச்சியை எதிர்ப்பதும் ஒரே காரியமாக முடிகின்றன. லென்ஸின் விதியைப் 'பாயத்தை எதிர்க்கும்' என்று மனப்பாடம் செய்தவன் 6-ஆம் நொடிக்கு முன் தவறுவான்; 'பாயத்தின் மாறுதலை எதிர்க்கும்' என்று படித்தவன் எங்கும் தவறமாட்டான்.

நான்காம் பகுதியில் 4 நொடிகளில் −6-லிருந்து பூஜ்யத்துக்கு ஏற்றம். சாய்வு நொடிக்கு +1.5; மின்னியக்கு விசை −0.15 வோல்ட். பாயம் முழுவதும் எதிர்க்குறியிலேயே இருந்தபோதிலும் சாய்வு நேர்க்குறியில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். முதற் பகுதியில் ஏறிய அதே 6 மில்லிவெபர்தான் இங்கேயும் ஏறுகிறது. இரண்டு மடங்கு காலம் எடுத்துக்கொண்டதால் வோல்ட் பாதியாயிற்று.

இப்போது இந்த விடைகளை வைத்துக் காலத்துக்கு எதிராக மின்னியக்கு விசையின் படத்தை வரைந்தால், கோணல்கள் எல்லாம் மறைந்து படிப்படியான சதுரங்களாக நிற்கும்: 2 நொடிகளுக்கு −0.3, பிறகு பூஜ்யம், பிறகு 2 நொடிகளுக்கு +0.6, பிறகு 4 நொடிகளுக்கு −0.15. சரியாகப் படித்தோமா என்று சோதித்துக்கொள்ள ஓர் அழகான உபாயம் இருக்கிறது. ஒவ்வொரு செவ்வகத்தின் பரப்பையும் கணக்கிட்டால் −0.6, +1.2, −0.6 என்று வருகின்றன, கூட்டினால் பூஜ்யம். அவ்வாறு வந்தே தீர வேண்டும். ஏனெனில் பாயம் பூஜ்யத்தில் புறப்பட்டுப் பூஜ்யத்துக்கே திரும்பிவிட்டது, மொத்த மாறுதல் ஒன்றுமில்லை. எங்கேனும் ஒரு குறியைத் தவறவிட்டிருந்தால் இந்தக் கூட்டலில் அது தலைநீட்டிவிடும். சுற்றுகளின் எண்ணிக்கையை மறந்திருந்தால் மட்டும் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. எல்லாப் பரப்புகளும் ஒரே வீதத்தில் குறைந்திருப்பதால் கூட்டல் அப்போதும் பூஜ்யமாகவே இருக்கும். ஆகையால் செங்குத்து அச்சின் அருகே எழுதியிருப்பது ஒரு சுற்றுக்குரிய பாயமா, எல்லாச் சுற்றுகளுக்கும் சேர்ந்த மொத்தப் பாயத் தொடர்பா என்பதை முதலிலேயே படித்துவிட வேண்டும். பின்னது ஆனால் மறுபடி 100-ஆல் பெருக்கலாகாது.

இந்தச் சதுரப் படத்தில் ஒரு சிறு பொய் இருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 7-ஆம் நொடியில் +0.6-லிருந்து −0.15-க்கு மின்னியக்கு விசை கண்ணிமைக்கும் நேரம் கூட எடுக்காமல் தாவுவதாக அது காட்டுகிறது. பாய வரைபடத்தில் அங்கே கூர்மையான ஒரு மூலை இருப்பதே அதற்குக் காரணம். மூலையில் இடப்பக்கம் ஒரு சாய்வும் வலப்பக்கம் வேறொரு சாய்வும் இருக்க, மூலைப்புள்ளிக்கென்று தனியே ஒரு சாய்வு கிடையாது. உண்மையான மின்காந்தத்தில் அத்தகைய மூலை அமையாது. பாயத்தின் வீதம் சிறிது நேரமேனும் எடுத்துக்கொண்டு வளைந்துதான் திரும்பும். அந்த வளைவின் அடிவயிற்றில், பாயம் மிகத் தாழ்ந்திருக்கும் கணத்தில், மின்னியக்கு விசை பூஜ்யத்தைக் கடந்து செல்லும்.

கோடே வளைந்திருக்கும்போது முறை மாறுவதில்லை, கைவேலை மட்டும் சற்று மாறுகிறது. சீராகச் சுழலும் ஒரு சுருளின் பாயம் அலையாக ஏறி இறங்குகிறது. அலையின் உயரம் 2 மில்லிவெபர் என்றும், ஒரு முழு அலைக்கு 20 மில்லிநொடி என்றும் கொள்வோம். அச்சை வெட்டும் இடத்திலிருந்து முதல் உச்சி வரை ஒரு நேர்கோடு இழுத்தால், 5 மில்லிநொடியில் 2 மில்லிவெபர். மில்லிவெபரை மில்லிநொடியால் வகுக்கும்போது ஆயிரங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுவதால், நேராகவே சுற்றுக்கு 0.4 வோல்ட். ஆனால் இது அந்தக் கால் அலையின் சராசரி மட்டுமே. அச்சை வெட்டும் அந்தக் கணத்துக்கு உரியதை அறிய, வளைவை அந்தப் புள்ளியில் மட்டும் ஒட்டிச் செல்லும் தொடுகோட்டை இழுக்க வேண்டும். இழுத்தால் அது 2 மில்லிவெபர் உயரத்தை ஏறக்குறைய 3.2 மில்லிநொடியிலேயே எட்டிவிடக் காணலாம். விடை சுற்றுக்கு 0.63 வோல்ட் அளவில் வரும். தொடுகோட்டைத் தாளின் ஓரம் வரை நீளமாக இழுத்து, அதன்மேல் வெகு தூரத்தில் உள்ள இரு புள்ளிகளைக் கொண்டு கணக்கிடுவதே விவேகம். சிறு முக்கோணத்தை வைத்துக் கணக்கிட்டால் பென்சில் முனையின் தடிப்பே விடையைப் புரட்டிவிடும். உச்சியில் தொடுகோடு கிடையாகப் படுத்துவிடுவதால் அங்கே மின்னியக்கு விசை பூஜ்யம் என்பதை இப்போது சொல்லவே வேண்டியதில்லை.

கடைசியாக, பரிசோதனைச் சாலையில் யாரும் செய்து பார்க்கக்கூடிய ஒன்று: நிறுத்திவைத்த சுருளின் நடுவே, சற்று மேலிருந்து ஒரு சிறு சட்டக் காந்தத்தைத் தானாக விழவிடுவது. காந்தம் நெருங்க நெருங்கப் பாயம் ஏறுகிறது, சுருளின் மையத்தில் உச்சியை அடைகிறது, விலக விலக இறங்குகிறது. பாய வரைபடம் அச்சுக்கு மேலேயே அடங்கிய ஒற்றைக் குன்று. மின்னியக்கு விசையோ முதலில் ஒரு பக்கமும் பின்பு மறுபக்கமும் இரண்டு துடிப்புகளாக வருகிறது. குன்றின் உச்சிக்கு நேரே அது பூஜ்யத்தைக் கடக்கிறது. காந்தம் விழ விழ வேகம் கூடுவதால் குன்றின் இறக்கம் ஏற்றத்தைவிடச் செங்குத்தாக அமைகிறது. ஆகவே இரண்டாம் துடிப்பு உயரமாகவும் ஒடுங்கியும் இருக்கும். உதாரணமாக, 400 சுற்றுகளில் பாயம் சுற்றுக்கு 0.1 மில்லிவெபர் வரை ஏறி இறங்கினால், ஒவ்வொரு துடிப்பின் பரப்பும் 0.04 வோல்ட்-நொடி, ஏற்றத்துக்கு 0.08 நொடியும் இறக்கத்துக்கு 0.05 நொடியும் பிடித்தால் சராசரிகள் 0.5 வோல்ட், 0.8 வோல்ட். பதிவான படத்தில் இரண்டு பரப்புகளும் சமமாக இல்லாவிட்டால் பாரடேயின் விதியைச் சந்தேகிக்குமுன் கருவியைப் பார்க்க வேண்டும்: காந்தம் சுருளுக்கு மிக அருகே வந்தபின்தான் பதிவு தொடங்கியிருக்கலாம், அல்லது காந்தம் விழுமுன்பே அடிக்கோடு பூஜ்யத்திலிருந்து விலகி நின்றிருக்கலாம். பரப்புகள் சமமாக இருந்தும் இரண்டாம் துடிப்பு உயரவில்லையென்றால், காந்தம் சுருளின் உட்சுவரை உரசிக்கொண்டு இறங்கியிருக்கும். அல்லது யாரோ அதைக் கையால் பிடித்தே இறக்கியிருப்பார்கள்.